ஒரே கீபோர்டில் லேப்டாப், டேப்லெட், போன்: பேரிங் செய்வதும் ஒரு விசையில் மாறுவதும்

பல சாதனங்களோடு வேலை செய்யும் ப்ளூடூத் கீபோர்டைப் புதிதாக வாங்கியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஒரு விசையைச் சும்மா தட்டினால் ஒரு வேலை நடக்கும், அதே விசையை அழுத்திப் பிடித்தால் வேறு வேலை நடக்கும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் சுலபம். பிடிபடாதவரை, "லிஸ்டில் கீபோர்டே வரவில்லை", "நேற்று வந்தது, இன்று வரவில்லை" என்று புலம்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த வகைக் கீபோர்டுக்குள் சின்ன நினைவகம் ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பாலும் மூன்று இடங்கள். ஒவ்வொன்றையும் சேனல் என்கிறார்கள். ஒரு சேனலில் ஒரு சாதனம்தான் தங்கும். அந்தச் சாதனத்தின் ப்ளூடூத் முகவரியும், இரண்டுக்கும் மட்டுமே தெரிந்த ஒரு ரகசியச் சாவியும் அங்கே பதிந்திருக்கும். அதே சாவியின் பிரதி அந்தச் சாதனத்திலும் இருக்கும். இந்தச் சாவியை இரண்டு பக்கமும் உருவாக்கிப் பதிவது பேரிங். அது சேனலுக்கு ஒரு முறை செய்தால் போதும். பதிந்த சாவியை வைத்துக்கொண்டு பிறகு தினமும் சேர்ந்துகொள்வது இணைப்பு.

சேனல் விசையைத் தட்டினால், "இந்தச் சேனலில் ஏற்கெனவே பதிந்திருக்கும் சாதனத்தைத் தேடிப் பிடி" என்று கீபோர்டுக்குச் சொல்கிறீர்கள். சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், "இந்தச் சேனலுக்குப் புதிதாக ஒரு சாதனம் வரப்போகிறது, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நில்" என்று சொல்கிறீர்கள். தட்டியபோது கீபோர்டு பழைய சாதனத்தை மட்டும்தான் தேடும். புதிய போனின் லிஸ்டில் அது தலைகாட்டாது. "வரவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இது ஒன்றுதான்.

எந்தக் கீபோர்டை வைத்துப் பார்க்கப் போகிறோம்

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் கை வேலைக்கு உதவாது. அதனால் ஒரு குறிப்பிட்ட தொகுப்பை எடுத்துக்கொள்வோம். கீபோர்டு, பலரிடமும் இருக்கும் லாஜிடெக் K380. லேப்டாப்பில் விண்டோஸ் 11. டேப்லெட், ஐபேட். போன், ஆண்ட்ராய்டு. மூன்றும் மூன்று வகை என்பதால் வரக்கூடிய சிக்கல்கள் எல்லாமே இதில் வந்துவிடும்.

K380-இல் F1, F2, F3 ஆகிய மூன்றும்தான் சேனல் விசைகள். மற்ற விசைகளிலிருந்து வேறு நிறத்தில் இருக்கும், 1, 2, 3 என்று குறித்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு விளக்கு உண்டு. வேறு எதையும் சேர்த்து அழுத்தத் தேவையில்லை, ஒற்றை விசைதான். உண்மையான F1 தேவைப்பட்டால் அதற்குத்தான் Fn விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும்.

உங்களிடம் இருப்பது வேறு கீபோர்டு என்றாலும் முறை இதேதான், விசைதான் மாறும். கீக்ரான் கீபோர்டுகளில் Fn விசையோடு 1, 2, 3 எண்களில் ஒன்று. அதில் பக்கவாட்டு சுவிட்ச் ப்ளூடூத் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், கேபிள் பக்கம் இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. லாஜிடெக் K480-இல் விசைக்குப் பதில் திருகும் வட்டம் இருக்கும். எதுவானாலும் தட்டுவதும் பிடிப்பதும் என்ற இரண்டு செயல்கள் எங்காவது இருக்கும். கையேட்டின் முதல் பக்கத்தில் அதை மட்டும் தேடிப் பாருங்கள்.

தொடங்குவதற்கு முன்

எந்தச் சாதனத்துக்கு எந்த எண் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். மேசையில் இடமிருந்து வலமாகச் சாதனங்கள் எப்படி இருக்கின்றனவோ அதே வரிசையில் 1, 2, 3 கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. கை இரண்டே நாளில் பழகிவிடும், விசையைக் குனிந்து பார்க்கத் தேவை இருக்காது. நமது உதாரணத்தில் 1 லேப்டாப், 2 ஐபேட், 3 போன்.

அப்புறம், லேப்டாப்பைப் பேரிங் செய்யும்போது மற்ற இரண்டிலும் ப்ளூடூத்தை அணைத்து வையுங்கள். கீபோர்டு பேரிங் நிலையில் இருக்கும்போது அறையில் உள்ள எந்தச் சாதனத்தின் லிஸ்டிலும் அது தெரியும். டேப்லெட்டின் திரையும் திறந்திருந்தால் தவறான இடத்தில் தட்டிவிட வாய்ப்பு அதிகம். சேனல் 1-இல் ஐபேட் போய் உட்கார்ந்துவிட்டால், குழப்பம் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

சேனல் 1: லேப்டாப்

கீபோர்டின் பக்கவாட்டு சுவிட்சைப் போடுங்கள். புத்தம் புதிது என்றால் சேனல் 1 தானாகவே பேரிங் நிலைக்குப் போயிருக்கலாம். போயிருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், F1-ஐ 3 நொடி அழுத்திப் பிடியுங்கள். அதன் விளக்கு வேகமாகச் சிமிட்டத் தொடங்கும். அதுதான் கீபோர்டு தயார் என்பதற்கு அடையாளம். மெதுவாகச் சிமிட்டினால் நீங்கள் விசையைச் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள். மறுபடி பிடியுங்கள்.

லேப்டாப்பில் `Settings` திறந்து `Bluetooth & devices` பகுதிக்குப் போங்கள். ப்ளூடூத் சுவிட்ச் `On` நிலையில் இருக்க வேண்டும். `Add device` தட்டி, வரும் பெட்டியில் `Bluetooth` தேர்ந்தெடுங்கள். சில நொடிகளில் `Keyboard K380` என்ற பெயர் வரும். அதைத் தட்டுங்கள்.

இப்போது திரையில் ஓர் எண் வரும். புதியவர்கள் இரண்டாவது முறை தடுமாறுவது இங்கேதான். அந்த எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டியது புதிய கீபோர்டில், லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டில் இல்லை. எண்ணை அடித்து முடித்ததும் அதே கீபோர்டில் Enter அழுத்த வேண்டும். அடிக்கும்போது திரையில் எதுவும் மாறாமல் இருக்கலாம். பரவாயில்லை, அடித்து முடித்து Enter அழுத்துங்கள். Enter விட்டுப்போனால் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு விண்டோஸ் இணைப்பு தோல்வி என்று சொல்லிவிடும்.

இந்த எண் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கீபோர்டு வழியாகத்தான் நம் கடவுச்சொற்கள் எல்லாம் போகின்றன. திரையில் உள்ள எண்ணைப் பார்த்து அடிப்பவர்தான் அந்தக் கீபோர்டை உண்மையில் கையில் வைத்திருப்பவர் என்று லேப்டாப் உறுதி செய்துகொள்கிறது. அந்த எண்ணைக் கொண்டே ரகசியச் சாவியும் பாதுகாப்பாக உருவாகிறது. எண் கேட்காமலே சேர்ந்துகொள்ளும் கீபோர்டுகளும் உண்டு. எண் கேட்கும் கீபோர்டு கொஞ்சம் கூடுதல் வேலை வைத்தாலும் நான் அதைத்தான் விரும்புவேன்.

சரியாக முடிந்தால் F1-இன் விளக்கு சில நொடிகள் நிலையாக எரிந்துவிட்டு அணையும். அணைந்தது பேட்டரியை மிச்சப்படுத்த, இணைப்பு அப்படியேதான் இருக்கும். நோட்பேட் திறந்து ஒரு வரி அடித்துப் பாருங்கள்.

சேனல் 2: ஐபேட்

ஐபேடில் ப்ளூடூத்தைப் போடுங்கள். கீபோர்டில் இப்போது F2-ஐ 3 நொடி அழுத்திப் பிடியுங்கள். F1 வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "பேரிங் என்றால் F1" என்று மனதில் பதிந்து, இரண்டாவது சாதனத்துக்கும் F1-ஐயே பிடிப்பவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் ஐபேட் அழகாகச் சேர்ந்துவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. ஆனால் சேனல் 1-இல் இருந்த லேப்டாப் அழிந்துபோயிருக்கும். லேப்டாப்பின் லிஸ்டில் `Keyboard K380` இன்னும் பதிந்தபடியே தெரியும், ஆனால் இணையாது. ஒவ்வொரு முறை சாதனம் மாற்றும்போதும் புதிதாகப் பேரிங் செய்ய வேண்டியிருக்கிறது என்று யாராவது சொன்னால், அவர்கள் மூன்று சாதனங்களையும் ஒரே சேனலில் திணிக்கிறார்கள் என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

F2-இன் விளக்கு வேகமாகச் சிமிட்டியதும், ஐபேடில் `Settings`, அதில் `Bluetooth`. `Other Devices` என்ற தலைப்பின் கீழ் கீபோர்டின் பெயர் வரும். தட்டினால் எண் கேட்கும் பெட்டி வரும். முன்பு போலவே கீபோர்டில் எண்ணை அடித்து Enter. பெயர் `My Devices` பகுதிக்கு ஏறி, பக்கத்தில் `Connected` என்று வந்தால் முடிந்தது.

சேனல் 3: போன்

ஆண்ட்ராய்டில் `Settings`, `Connected devices`, `Pair new device`. சில போன்களில் இது `Connections` என்ற பகுதிக்குள் இருக்கும். இந்தத் திரை திறந்திருக்கும்போதுதான் போன் புதிய சாதனங்களைத் தேடும், அதனால் திரையைத் திறந்து வைத்துவிட்டு F3-ஐ 3 நொடி பிடியுங்கள். பெயரைத் தட்டி, எண்ணை அடித்து, Enter.

போனில் ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். குறிப்பு எழுதும் செயலியோ, செய்தி அனுப்பும் பெட்டியோ திறந்து, எழுதும் இடத்தை ஒரு முறை விரலால் தொட்டு கர்சரை அங்கே வைத்த பிறகுதான் எழுத்து விழும். முகப்புத் திரையில் அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது

மூன்றிலும் ப்ளூடூத்தைப் போட்டு, மூன்றிலும் குறிப்பு எழுதும் செயலியைத் திறந்து கர்சரை வையுங்கள். இப்போது F1-ஐத் தட்டுங்கள். பிடிக்க வேண்டாம், தட்டிவிட்டு விடுங்கள். விளக்கு நிலையாக எரியும்வரை பொறுத்து, "ஒன்று" என்ற பொருளில் எதையாவது அடியுங்கள். F2 தட்டி, பொறுத்து, அடியுங்கள். F3 தட்டி, பொறுத்து, அடியுங்கள். மறுபடி F1. இந்தச் சுற்று தடையில்லாமல் ஓடினால் அமைப்பு சரி.

அந்தப் பொறுத்தல் முக்கியம். மாறுவது ஒரு விசைதான் என்றாலும், கீபோர்டு பழைய இணைப்பைத் துண்டித்து, அடுத்த சாதனத்தைக் கூப்பிட்டு, சாவியைச் சரிபார்த்துச் சேர ஓரிரு நொடிகள் எடுக்கும். அதற்குள் அடித்த முதல் சில எழுத்துகள் காணாமல் போகலாம். கடவுச்சொல் அடிக்கும்போது இது தொல்லை: முதல் எழுத்து விழாமல் போய், தவறான கடவுச்சொல் என்று வரும். விசையைத் தட்டியதும் விளக்கைப் பார்த்துவிட்டு அடிப்பது என்ற பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, மாறிவிட்டோம் என்று நினைத்து மாறாமலே அடிப்பது. கண் லேப்டாப் திரையில் இருக்கும், எழுத்து போனில் திறந்திருக்கும் உரையாடலில் விழுந்துகொண்டிருக்கும். Enter அழுத்தினால் யாருக்கோ போய்ச் சேர்ந்தும்விடும். அதனால் கடவுச்சொல் போன்றவற்றை அடிக்கும் முன் ஒரு சாதாரண எழுத்தை வெளிப்படையாகத் தெரியும் இடத்தில் அடித்துப் பார்த்து, அழித்துவிட்டுத் தொடருங்கள்.

Ctrl, Cmd குழப்பம்

கீபோர்டு சேர்ந்துவிட்டது, எழுத்தும் விழுகிறது, ஆனால் Ctrl + C நகலெடுக்க மறுக்கிறது. ஐபேடில் இது இயல்புதான். அங்கே நகலெடுக்க Cmd + C. K380-இல் ஸ்பேஸ் பாரின் பக்கத்து விசைகளில் இரண்டு பெயர்கள் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்: விண்டோஸ், ஆண்ட்ராய்டு பக்கத்துக்கு ஒன்று, ஆப்பிள் பக்கத்துக்கு ஒன்று. எந்தப் பெயரின்படி விசை வேலை செய்ய வேண்டும் என்பதைப் பேரிங் செய்யும்போதே எதிரில் இருப்பது என்ன சாதனம் என்று பார்த்துக் கீபோர்டு தானாக முடிவு செய்துகொள்கிறது.

சில நேரம் அந்த முடிவு தப்பிவிடும். லேப்டாப்பில் Alt அழுத்தினால் ஸ்டார்ட் மெனு திறக்கிறது என்றால், கீபோர்டு அதை ஆப்பிள் சாதனம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. முதலில் அந்தச் சேனலுக்கு மாறுங்கள். பிறகு விண்டோஸ் அல்லது ஆண்ட்ராய்டு என்றால் Fn + P, ஐபேட் அல்லது மேக் என்றால் Fn + O, 3 நொடி பிடியுங்கள். கீக்ரான் போன்றவற்றில் இதற்குப் பக்கவாட்டில் தனி சுவிட்ச் இருக்கும். அது ஒரு குறைதான், ஏனென்றால் சேனல் மாற்றும்போது சுவிட்சையும் கையால் மாற்ற வேண்டியிருக்கும். ஆப்பிளும் விண்டோஸும் கலந்து வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

தமிழில் அடிக்க

லேப்டாப்பில் தமிழ் 99 முறையில் அடித்துப் பழகியவர்கள் F2 தட்டி ஐபேடுக்குப் போனதும் ஆங்கில எழுத்து விழுவதைப் பார்த்துத் திகைப்பார்கள். கீபோர்டில் தமிழ் இருந்ததே, எங்கே போயிற்று?

கீபோர்டுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. நீங்கள் ஒரு விசையை அழுத்தும்போது அது எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடத்தில் உள்ள விசை அழுத்தப்பட்டது என்பதற்கான ஓர் எண்ணை மட்டும் அனுப்புகிறது. அந்த எண்ணை "a" என்று காட்டுவதா "அ" என்று காட்டுவதா என்பதை எதிர்முனையில் உள்ள சாதனம் முடிவு செய்கிறது. ஆகவே மொழி அமைப்பை மூன்று சாதனங்களிலும் தனித்தனியாகச் செய்தாக வேண்டும். ஒன்றில் செய்தது மற்றொன்றுக்கு வராது.

விண்டோஸில் `Settings`, `Time & language`, `Language & region` வழியாகத் தமிழைச் சேர்த்து, அதன் கீபோர்டு பட்டியலில் தமிழ் 99 அல்லது ஒலிபெயர்ப்பு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். மாறுவதற்கு விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். ஐபேடில் `Settings`, `General`, `Keyboard`, `Keyboards`, `Add New Keyboard` வழியாகத் தமிழைச் சேர்க்க வேண்டும். அங்கே மாறுவதற்கு Ctrl-உம் ஸ்பேஸும். ஆண்ட்ராய்டில் நிலைமை போனுக்குப் போன் வேறுபடும். `Settings` தேடல் பெட்டியில் `Physical keyboard` என்று தேடி, உங்கள் கீபோர்டின் பெயரைத் தட்டிப் பார்த்தால் எந்தெந்த அமைப்புகள் கிடைக்கின்றன என்று தெரிந்துவிடும். போனின் திரைக் கீபோர்டில் நன்றாக வரும் தமிழ், வெளிக் கீபோர்டில் அதே முறையில் வராமல் போகலாம். இரண்டும் வேறு வேறு அமைப்புகள்.

மூன்றிலும் ஒரே தட்டச்சு முறையை வையுங்கள். ஒன்றில் தமிழ் 99, மற்றொன்றில் ஒலிபெயர்ப்பு என்று வைத்தால், சேனல் மாறும் ஒவ்வொரு முறையும் விரல்கள் தடுமாறும். ஒரு விசையில் மாறுவதால் கிடைத்த வேகம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

திரைக் கீபோர்டு காணாமல் போனால்

கையில் போனை எடுத்து ஏதோ எழுதப் போகிறீர்கள், திரையில் கீபோர்டு மேலே வரவே இல்லை. வெளிக் கீபோர்டு இன்னும் போனோடு இணைந்திருக்கிறது என்பதே காரணம். வெளியே ஒன்று இருக்கும்போது திரையில் எதற்கு என்று போனும் டேப்லெட்டும் மறைத்துவிடுகின்றன. கீபோர்டு பைக்குள் அழுந்திக்கொண்டிருந்தாலும், பக்கத்து அறையில் இருந்தாலும் இது நடக்கும். ப்ளூடூத் 10 மீட்டர் வரை எட்டும்.

உடனடி வழி, F1 தட்டி லேப்டாப்புக்கு மாறுவது, அல்லது கீபோர்டின் சுவிட்சை அணைப்பது. ஆண்ட்ராய்டில் நிரந்தர வழியும் உண்டு: முன்பு சொன்ன `Physical keyboard` பகுதியிலேயே, வெளிக் கீபோர்டு இருக்கும்போதும் திரைக் கீபோர்டைக் காட்டு என்பதற்கான சுவிட்ச் இருக்கும். பைக்குள் கீபோர்டை எடுத்துப் போகிறவர்கள் சுவிட்சை அணைத்துவிட்டு எடுத்துப் போவதே நல்லது. இல்லாவிட்டால் பைக்குள் எந்த விசையாவது அழுந்தி, கீபோர்டு விழித்து, கடைசியாக இருந்த சாதனத்தோடு தானாகவே சேர்ந்துகொள்ளும்.

நேற்றுவரை இணைந்தது, இன்று இணையவில்லை

சேனல் விசையைத் தட்டுகிறீர்கள், விளக்கு மெதுவாகச் சிமிட்டிக்கொண்டே இருந்துவிட்டு அணைந்துவிடுகிறது. கீபோர்டு கூப்பிடுகிறது, பதில் இல்லை என்று பொருள். எதிரில் உள்ள சாதனத்தில் ப்ளூடூத் அணைந்திருக்கலாம், அல்லது லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தும் சேரவில்லை என்றால், சாவிகள் பொருந்தாமல் போயிருக்கும். தொடக்கத்தில் சொன்ன ரகசியச் சாவி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் இணைப்பு நிலைக்கும். போனில் யாராவது அந்தப் பெயரை நீக்கியிருந்தால் போன் பக்கம் சாவி இருக்காது, கீபோர்டு மட்டும் பழையதை வைத்துக்கொண்டிருக்கும். தவறுதலாக அந்தச் சேனலில் வேறு சாதனத்தைப் பேரிங் செய்திருந்தால் நிலைமை தலைகீழ்: கீபோர்டில் சாவி மாறியிருக்கும், லேப்டாப்பில் பழையது இருக்கும். போனை முழுவதும் அழித்துப் புதிதாக அமைத்தாலும் இதேதான்.

இங்கே பலர் செய்வது, சாதனத்தின் லிஸ்டில் உள்ள பழைய பெயரையே திரும்பத் திரும்பத் தட்டுவது. அது ஒருபோதும் பலிக்காது. இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. சாதனத்தின் ப்ளூடூத் லிஸ்டில் அந்தக் கீபோர்டை முழுமையாக நீக்குங்கள். விண்டோஸில் `Remove device`, ஐபேடில் `Forget This Device`, ஆண்ட்ராய்டில் `Forget` அல்லது `Unpair`.
2. அந்தச் சாதனத்தின் ப்ளூடூத்தை அணைத்து, சில நொடிகள் கழித்துப் போடுங்கள்.
3. அதற்குரிய சேனல் விசையை, விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை பிடியுங்கள்.
4. சாதனத்தில் புதிதாகத் தேடிச் சேர்த்து, எண்ணை அடித்து, Enter.

மற்ற இரண்டு சேனல்களையும் தொட வேண்டியதில்லை, அவை பாதிக்கப்படாது. கோபத்தில் மூன்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது தேவையில்லாத வேலை.

விட்டுவிட்டு இணைப்பு அறுந்தால், பேட்டரியைச் சந்தேகியுங்கள். K380-இல் இரண்டு AAA பேட்டரிகள், அவை மிக நீண்ட நாள் ஓடும். அதனாலேயே அது தீரும் என்பதே மறந்துபோகும்.

எதிர்பார்க்கக் கூடாதவை

மாறுவது கீபோர்டு மட்டும்தான். மவுஸ் கூடவே மாறாது, அதற்குத் தனியாகப் பல சாதன மவுஸும் தனி பொத்தானும் வேண்டும். லேப்டாப்பில் நகலெடுத்த வரியை F2 தட்டி ஐபேடில் ஒட்டவும் முடியாது. நகலெடுத்தது லேப்டாப்பின் நினைவில் இருக்கிறது, கீபோர்டில் எதுவும் தங்குவதில்லை. சாதனங்களுக்கு நடுவே வரிகளைக் கொண்டுபோக வேண்டுமென்றால், எல்லாவற்றிலும் ஒத்திசையும் ஒரு குறிப்புச் செயலியை வைத்துக்கொள்வதுதான் எளிய வழி.

லேப்டாப்பைப் போட்டதும் விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் திரைகளிலும் ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலும் வேலை செய்யாது. வட்டின் மறைகுறியாக்கத்துக்குக் கடவுச்சொல் கேட்கும் திரை, பயோஸ் அமைப்புத் திரை போன்றவை அப்படிப்பட்டவை. ப்ளூடூத்தை நடத்தும் மென்பொருள் அப்போது இன்னும் எழுந்திருக்காது. அங்கே லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டைப் பயன்படுத்துங்கள். மேசைக் கணினி என்றால், யுஎஸ்பி ரிசீவரோடு வரும் பல சாதனக் கீபோர்டை வாங்கி, ஒரு சேனலை அந்த ரிசீவருக்கு ஒதுக்கலாம். ரிசீவர், கணினிக்குச் சாதாரண யுஎஸ்பி கீபோர்டு போலவே தெரியும். அந்தத் திரைகளிலும் அது பொதுவாக வேலை செய்யும்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள், இரண்டையும் ஒரே சேனலில் பேரிங் செய்ய முயல வேண்டாம். லேப்டாப்பின் ப்ளூடூத் முகவரி இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சாவியைப் பதிந்துகொள்ளும். லினக்ஸில் பேரிங் செய்ததும் விண்டோஸின் சாவி செல்லாமல் போகும், அங்கே சரி செய்தால் இங்கே அறுந்துவிடும். விண்டோஸுக்கு ஒரு சேனல், லினக்ஸுக்கு ஒரு சேனல் என்று கொடுத்துப் பாருங்கள். பல கீபோர்டுகள் சேனலுக்குச் சேனல் வேறு முகவரியோடு தோன்றுவதால் மோதல் இல்லாமல் ஓடும்.

நான்காவதாக ஒரு சாதனம் வந்துவிட்டால், குறைவாகப் பயன்படும் சேனலை அதற்குக் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது போன் சேனலாக இருக்கும். F3-ஐப் பிடித்துப் புதிய சாதனத்தைச் சேர்க்கும் முன், போனில் போய் `Forget` தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் போனின் லிஸ்டில் செல்லாத சாவியோடு அந்தப் பெயர் அப்படியே நிற்கும். என்றாவது போனை மறுபடி சேர்க்க நினைக்கும்போது அந்தப் பழைய பெயரைத் தட்டித் தட்டி நேரம் வீணாகும்.